பிள்ளையைத் திட்டும் வார்த்தைகள்: கண்டிப்பு எந்த இடத்தில் வன்கொடுமையாகிறது?

காவேரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைப் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். என் மகனுக்கு வயது 11, ஆறாம் வகுப்பில் படிக்கிறான். அரையாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாளை எங்களிடம் காட்டாமல் மெத்தைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் அதைக் கண்டெடுத்தார். நூற்றுக்கு 41 மதிப்பெண்.

அதன்பின் அவர் பேசியவற்றை, நினைவில் உள்ளபடி, அதே வரிசையில் எழுதுகிறேன். "இதை ஏன் மறைத்தாய்?" என்று கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "கேட்டால் பதில் சொல்லத் தெரியாதா? பெருக்கலில் இத்தனை பிழை இருக்கிறதே, வகுப்பில் என்னதான் கவனித்தாய்?" என்றார். அதற்கும் பதில் இல்லை. அங்கிருந்து குரல் உயர்ந்தது. "நீ ஒரு பொய்யன், உன் புத்தியே திருட்டுப் புத்தி" என்றார். "உன் அத்தை மகனைப் பார், அவன் மூத்திரத்தைக் குடித்தாலாவது உனக்குப் புத்தி வருமா" என்றார். "தண்டச்சோறு, உனக்குக் கொட்டுகிற பணத்துக்கு ஒரு மாட்டை வாங்கிக் கட்டியிருந்தால் பாலாவது கறந்திருக்கும்" என்றார். கடைசியில், "நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்" என்றார். கீழ்வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு வயதான என் மகள் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கணவர் பிள்ளைகளை அடித்ததே இல்லை. அன்று மாலையே பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் சென்று பரோட்டா வாங்கிக் கொடுத்தார். "என் அப்பா என்னை இதைவிட மோசமாகத் திட்டியிருக்கிறார், நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பது அவருடைய வாதம். ஆனால் அதன்பிறகு என் மகன் இரண்டாம் முறை சோறு போட வந்தால் தட்டை நகர்த்திவிட்டு, "நான்தான் தண்டமாயிற்றே, போதும்" என்கிறான். மகள் தன் பொம்மையைத் "தண்டம்" என்று அழைத்து மிரட்டுகிறாள்.

பிள்ளைகளைத் திட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேவைப்படும்போது நானும் திட்டுகிறேன். கண்டிப்பு எந்த இடத்தில் வன்சொல்லாகிறது, எந்த இடத்தில் அது பிள்ளைக்கு இழைக்கும் கொடுமையாகிறது என்பதை எப்படிக் கண்டுகொள்வது? அதுதான் என் கேள்வி.

---

அரசமரத்தடி

அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் வார்த்தையை மட்டும் தனியே எடுத்து எடை போடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளை "சனியனே, சாப்பிட வா" என்று கூப்பிடுவார்கள். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லிக் கேலி செய்வார்கள். என்னையும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தப் பாட்டியின் மடியில்தான் நான் தூங்கினேன். ஒரு சொல் திட்டா கொஞ்சலா என்பதைக் குரலும் முகமும் தீர்மானிக்கின்றன, அகராதி தீர்மானிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடைத்தாளை மறைத்தது சிறிய தவறு அன்று. இன்று அதைக் கண்டிக்காமல் விட்டால் நாளைக்கு அப்பாவின் கையெழுத்தைத் தானே போடுவான். கோபத்தில் தகப்பன் நான்கு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார் என்பது உண்மைதான். அதற்காக அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்வது மிகை. மாலையில் கடைக்கு அழைத்துப் போயிருக்கிறாரே, அந்த அன்பு பிள்ளைக்குத் தெரியாமலா போகும்?

---

வைகை

நான் பள்ளிகளில் மாணவர்களுக்கான ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். காவேரிக்கரை அவர்கள் வார்த்தைகளை வரிசைப்படி எழுதியிருப்பது மிகவும் உதவியாக இருக்கிறது. பெரும்பாலான பெற்றோர்கள் "கொஞ்சம் திட்டினேன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எந்த வாக்கியத்தில் பேச்சு தடம் மாறியது என்பதை அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

அந்தக் காலைப்பொழுதை வாக்கியம் வாக்கியமாகப் பார்ப்போம். "இதை ஏன் மறைத்தாய்?" என்பது நியாயமான கேள்வி. பிள்ளையால் அதற்குப் பதில் சொல்ல முடியும். பெருக்கலைப் பற்றிய கேள்வி கடுமையாக இருந்தாலும் பிழை எங்கே இருக்கிறது என்பதைச் சுட்டுகிறது, அதைத் திருத்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. இவ்வளவும் கண்டிப்புதான், குரல் உயர்ந்திருந்தாலும் கண்டிப்புதான்.

"நீ பொய்யன், உன் புத்தியே திருட்டுப் புத்தி" என்ற இடத்தில் பேச்சின் பொருள் மாறிவிடுகிறது. அதுவரை விடைத்தாளைப் பற்றிப் பேசினார்கள், அதற்குமேல் பிள்ளையையே பேசுகிறார்கள். பொய் சொன்னவன் அடுத்த முறை உண்மை சொல்லலாம், ஆனால் பொய்யனாகவே பிறந்தவன் என்று சொல்லப்பட்டவன் என்ன செய்ய முடியும்? அத்தை மகனோடு ஒப்பிட்டபோதும் அவன் செய்யக்கூடியது எதுவுமில்லை. அதோடு இழிவும் சேர்கிறது. தண்டச்சோறு என்ற சொல் அவன் உண்ணும் உணவையே குற்றமாக்குகிறது. அவன் தட்டை நகர்த்துவதற்குக் காரணம் அதுதான். சொன்னவர் உவமையாகச் சொன்னதைப் பிள்ளை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு அதன்படி நடக்கிறான். "நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்" என்பதற்கு ஒரு பிள்ளை எந்த வகையிலும் பரிகாரம் செய்ய முடியாது.

ஆகவே நான் பெற்றோர்களிடம் ஒன்றைத்தான் கேட்கச் சொல்வேன்: இந்த வாக்கியத்தைக் கேட்டபின் பிள்ளை செய்வதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? மிச்சம் இருந்தால் அது கண்டிப்பு. எதுவும் இல்லையென்றால், சொன்னவருடைய கோபம் தீர்வதைத் தவிர அதனால் வேறு பயன் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். விடைத்தாளை அவன் ஏன் மறைத்தான் என்பது அன்று கடைசிவரை தெரியவே இல்லை. கேள்வி கேட்டவரே பதிலுக்கு இடம் இல்லாமல் செய்துவிட்டார். என் அனுபவத்தில், விடைத்தாளை மறைக்கும் பிள்ளைகளில் பலர் மதிப்பெண்ணுக்கு அஞ்சி மறைப்பதில்லை, அதற்குப்பின் கேட்க வேண்டிய வார்த்தைகளுக்கு அஞ்சியே மறைக்கிறார்கள். அந்த வார்த்தைகளையே மறுபடியும் கேட்டால் அடுத்த முறை இன்னும் நன்றாக மறைப்பார்கள். கையெழுத்தைத் தானே போடும் பிள்ளை பெரும்பாலும் இந்த வழியாகத்தான் அங்கே போய்ச் சேருகிறான் என்பதை அரசமரத்தடி ஐயாவுக்குப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன்.

குரலும் முகமும் முக்கியம் என்று ஐயா சொன்னதில் உண்மை இருக்கிறது. தவிட்டுக்கு வாங்கிய கதையைக் கேட்டுப் பிள்ளை சிரித்து, "அப்படியானால் தவிட்டைத் திருப்பிக் கொடுங்கள்" என்று வாயாடினால் அது விளையாட்டு. அதே கதையைக் கேட்ட நான்கு வயதுப் பிள்ளை இரவில், "நான் உன் வயிற்றில்தானே இருந்தேன்?" என்று கேட்டால் அது அவனுக்கு விளையாட்டாக இருக்கவில்லை. ஏழெட்டு வயதுவரை பிள்ளைகளுக்குக் கேலியையும் மிகைப்பேச்சையும் உண்மையிலிருந்து பிரித்தறிவது எளிதாக வருவதில்லை. எனவே குரலைத் தீர்மானிப்பவர் சொன்னவர் அல்லர், கேட்டவர்.

---

சட்டப்பார்வை

காவேரிக்கரை அவர்களுக்கு: உங்கள் கணவர்மீது நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் தேவையற்ற மனத்துன்பமோ உடல்துன்பமோ விளையும்படி கொடுமை செய்தால், மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. பெற்றோர் இதிலிருந்து பொதுவாக விலக்கப்படவில்லை. 1098 என்ற சிறார் உதவி எண்ணில் அழைத்து நீங்கள் புகார் கொடுக்கலாம். பள்ளியில் ஆசிரியர் இப்படிப் பேசியிருந்தால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் பொருந்தியிருக்கும். மனரீதியான துன்புறுத்தலை அது வெளிப்படையாகத் தடை செய்கிறது. சான்றுக்கு, அடுத்த முறை பேச்சைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

காவேரிக்கரை

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நான் என் கணவர்மீது புகார் கொடுக்க வழி கேட்கவில்லை. அவர் பிள்ளையை நேசிக்கிறார், அதில் எனக்கு ஐயம் இல்லை. கணவருடைய பேச்சை மறைவாகப் பதிவு செய்துகொண்டு அதே வீட்டில் குடும்பம் நடத்த என்னால் முடியாது. பிள்ளைக்கு எது தீங்கு செய்கிறது என்பதைத்தான் நான் அறிய விரும்புகிறேன்.

வைகை அம்மா சொன்னதைப் படித்தபின், அவன் ஏன் மறைத்தான் என்று நாங்கள் இருவருமே அவனிடம் மறுபடி கேட்கவில்லை என்பது உறைத்தது.

---

வைகை

சட்டத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. 75ஆம் பிரிவின் சொற்கள் விரிவானவை, ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கோபத்தை அளப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. 1098 காவல்துறைப் புகாருக்கான எண் மட்டுமே என்று பலர் எண்ணி அஞ்சுகிறார்கள். பிள்ளைகளே நேரடியாக அழைத்துப் பேசலாம், பெற்றோரும் ஆலோசனை கேட்கலாம்.

---

நெய்தல்

அரசமரத்தடி ஐயா குரலைப் பற்றிச் சொன்னதால் என் கதையை எழுதுகிறேன். எனக்கு வயது 24. என் அம்மா ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. எனக்குத் தலை வாரிவிடும்போது, மிக அமைதியாக, "இந்த நிறத்துக்கு எவன் வருவான்" என்பார். தம்பிக்கு மீன்துண்டைப் போட்டுவிட்டு, "நீ இன்னொருவன் வீட்டுக்குப் போகிறவள்தானே" என்பார். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியபோது, "படித்தாவது கரையேறு, முகத்தை வைத்துக் கரையேற முடியாது" என்றார். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது திட்டாகவே தெரியாது. எங்கள் உறவினர்கள் எல்லோரும் என் அம்மாவைப் பொறுமைசாலி என்று புகழ்வார்கள்.

கல்லூரியில் ஒரு தோழி என் புகைப்படத்தை எடுத்துக் காட்டி, "அழகாக இருக்கிறாய்" என்றாள். அவள் என்னைக் கேலி செய்கிறாள் என்று எண்ணிப் பல நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். இன்றும் யாராவது பாராட்டினால் அதில் எனக்கு எதிரான ஒன்றைத் தேடுகிறேன். வேலையில் மேலாளர் ஒரு பிழையைச் சுட்டினால், அவர் சொல்லாததையும் என் அம்மாவின் குரலில் நானே சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

என் அம்மாவையும் அவருடைய அம்மா இதே சொற்களால்தான் வளர்த்தார். என் நிறத்தை ஊர் எப்படிப் பேசும் என்று அஞ்சி, ஊருக்கு முன்னால் தாமே சொல்லி என்னைப் பழக்கினார் என்றும் எனக்குத் தோன்றுகிறது. புரிந்துகொண்டதால் வலி குறையவில்லை. இதைக் கொடுமை என்று சொல்லலாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் சத்தத்தை மட்டும் வைத்து அளந்தால் என்னைப் போன்ற பிள்ளைகள் யார் கண்ணிலும் படமாட்டார்கள்.

---

கணக்கன்

உணர்ச்சிவசப்படாமல் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். திட்டு வாங்கிய பிள்ளைகள் பிற்காலத்தில் மனச்சோர்வு அடைகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்வதாக எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த ஆய்வுகளில் பல, பெரியவர்களிடம் சிறுவயதை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்பவை. இப்போது சோர்வாக இருப்பவருக்குப் பழைய திட்டுகள் அதிகமாக நினைவில் வரும் அல்லவா? மேலும், முரட்டுப் பிள்ளைக்குத்தான் அதிகம் திட்டு விழும். திட்டினால் பிள்ளை கெட்டதா, கெட்ட பிள்ளை என்பதால் திட்டு விழுந்ததா? இதைப் பிரித்தறிய வழியில்லாதபோது பெற்றோர்களைக் குற்றவாளிகளாக்குவது நியாயம் இல்லை.

அதோடு, தாய் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இடையில் பாசம் இருந்தால் இந்த வார்த்தைகள் பெரிதாகப் பாதிக்காது என்பது என் எண்ணம்.

---

வைகை

நல்ல கேள்விகள். முதல் ஐயத்தில் நியாயம் இருக்கிறது, நினைவை மட்டும் நம்பும் ஆய்வுகளுக்கு அந்தக் குறை உண்டு. அதனால்தான் பிள்ளைகளை வளரும்போதே தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் முக்கியமாகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மிங்-டே வாங், சாரா கென்னி என்ற இருவர், தாயும் தகப்பனும் சேர்ந்து வாழும் 976 குடும்பங்களைக் கவனித்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கத்துவது, வசைச்சொல் பயன்படுத்துவது, முட்டாள் சோம்பேறி என்பதுபோலப் பெயர் வைத்து இழிவுபடுத்துவது ஆகியவற்றைத்தான் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். 13 வயதில் இவற்றை அதிகம் கேட்ட பிள்ளைகளிடம் 14 வயதுக்குள் அடங்காத நடத்தையும் மனச்சோர்வின் அறிகுறிகளும் கூடியிருந்தன.

நீங்கள் கேட்ட எதிர்த்திசையும் அதே ஆய்வில் தென்பட்டது. பிள்ளையின் நடத்தை மோசமாக இருந்தால் பெற்றோரின் கடுஞ்சொல்லும் கூடியது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே போகின்றன. திட்டுவதால் நடத்தை மோசமாகிறது, நடத்தை மோசமாவதால் திட்டு கூடுகிறது. இது திட்டுவதற்கு ஆதரவான வாதமாக எனக்குத் தெரியவில்லை, எந்த நோக்கத்துக்காகத் திட்டுகிறோமோ அந்த நோக்கமே நிறைவேறவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

பாசத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அதையும் அவர்கள் தனியே பார்த்தார்கள். பெற்றோர் மற்ற நேரங்களில் அன்பாக இருந்தார்கள் என்பது அந்தப் பாதிப்பைக் குறைக்கவில்லை. மாலையில் வாங்கிக் கொடுத்த பரோட்டா வீண் என்று நான் சொல்ல மாட்டேன், பிள்ளைக்கு அது வேண்டும். ஆனால் காலையில் சொன்னதை அது திரும்பப் பெறுவதில்லை. பிள்ளை இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது: அப்பா எனக்குப் பரோட்டா வாங்கித் தருகிறார், நான் தண்டச்சோறு.

அந்த ஆய்வு வேற்று நாட்டில், வேற்றுப் பண்பாட்டில் நடந்தது என்ற எல்லையை மறக்கக் கூடாது. நம் நாட்டில், 2007இல் நடுவண் அரசின் பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் பிள்ளைகளிடமே கேட்டு ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. இரண்டு பிள்ளைகளில் ஒருவர் உணர்வுரீதியான கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் 83 விழுக்காட்டினர் அதைச் செய்தவர்கள் பெற்றோர் என்றார்கள். தமிழ்நாடு அந்த 13 மாநிலங்களில் இல்லை. இருந்தாலும் நம் வீடுகள் பெரிதாக மாறுபட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை.

நெய்தல் எழுதியதைப் பல முறை படித்தேன். மகளே, அமைதியான குரலில், பல ஆண்டுகள், ஒரே இடத்தில் விழுந்த சொற்கள் அவை. உங்களால் மாற்றிக்கொள்ள முடியாத உடலையும் பிறப்பையும் பற்றியவை. பெயர் எதுவாயினும், தீங்கு நடந்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

---

இரவுப்பணி

திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், சமையலறையில் சோற்றுப்பானை கழுவாமல் கிடக்கும், இரண்டு பேரும் கைப்பேசியில் இருப்பார்கள். "நான் செத்துப்போனால்தான் உங்களுக்கு அருமை தெரியும்" என்று வாயில் வந்துவிடுகிறது. இங்கே எழுதுபவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது, இந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்கிறீர்கள். அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். மெதுவாகப் பேசுங்கள், அணைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதாதீர்கள். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

---

வைகை

உங்களுக்குக் கோபம் வருவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது, அந்தக் கோபத்தை மறைக்கவும் வேண்டாம். கோபத்தைப் பானையின்மேல் நிறுத்துங்கள், அவ்வளவுதான். "பானை கழுவாமல் கிடக்கிறது. எனக்குக் கோபமாக இருக்கிறது. கைப்பேசியை வைத்துவிட்டு இப்போதே கழுவுங்கள், கழுவியபின்தான் சோறு" என்று உரத்த குரலில் சொன்னாலும் அது கண்டிப்புதான். பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியது என்னவென்று தெரிகிறது, செய்தால் விஷயம் முடிகிறது. அணைத்துக்கொள்ளத் தேவையில்லை.

"நான் செத்துப்போனால்" என்பது வேறு வகை. தகப்பன் இல்லாத வீட்டில், இருக்கும் ஒரே பெரியவரும் போய்விடுவார் என்ற மிரட்டலாகப் பிள்ளைகள் அதைக் கேட்கிறார்கள். உங்கள் பிள்ளைகளில் இளையவர் நீங்கள் வேலைக்குப் போகும்போது அடிக்கடி அழைத்துப் பேசுகிறாரா, நீங்கள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று வந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். விட்டுவிட்டுப் போய்விடுவேன், விடுதியில் தள்ளிவிடுவேன், வீட்டை விட்டுத் துரத்திவிடுவேன், செத்துவிடுவேன், செத்துத் தொலை என்ற இந்த வகையைத்தான் நான் எல்லாவற்றிலும் கடுமையாகக் கருதுகிறேன். மற்ற வசைகளில் எண்ணிக்கையைப் பார்ப்பேன், இந்த வகையில் ஒரு முறையே போதும், பேசித் தீர்க்க வேண்டும்.

---

கணக்கன்

இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே ஒரு முறை வாய்தவறி வந்த சொல்லைக் கொடுமை என்றால் இந்த ஊரில் கொடுமை செய்யாத தாய் ஒருத்தி இருக்க மாட்டாள். தொடர்ந்து நடப்பதையே கொடுமை என்று சொல்ல வேண்டும்.

---

வைகை

பெயரைப் பொறுத்தவரை உங்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். தொடர்ச்சி இருக்கும்போதுதான், பிள்ளை எப்போதும் அஞ்சி எதிர்பார்த்து வாழும்போதுதான், நானும் கொடுமை என்று எழுதுவேன். ஆனால் ஒரு முறை சொன்னதைச் சரிசெய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு அந்தப் பெயர் தேவையில்லை. ஒரு முறை கொதிநீர் பட்டாலும் மருந்து போடுகிறோம். எத்தனை முறைக்குப்பின் கண்டிப்பு கொடுமையாகிறது என்ற எண்ணை யாராலும் சொல்ல முடியாது, துறையில் இருப்பவர்களுக்கும் அதில் ஒரே கருத்து இல்லை.

---

அரசமரத்தடி

நெய்தல் எழுதியதைப் படித்தபின் குரலைப் பற்றி நான் சொன்னதை முழுதாகத் தாங்கிப் பேச முடியவில்லை. அமைதியாகவும் காயப்படுத்தலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டி "சனியனே" என்று கூப்பிடுவதையும் கணக்கில் எடுத்துத் தடுக்க வேண்டும் என்றால், கூட்டுக்குடும்பத்தில் அதை மருமகள் எப்படிச் சொல்வாள்? மாமியாரிடம் "பிள்ளையை அப்படிக் கூப்பிடாதீர்கள்" என்று சொன்ன அன்றே அந்த வீட்டில் வேறொரு சண்டை தொடங்கிவிடும். அந்தச் சண்டையும் பிள்ளையின் காதில்தான் விழும். இதற்கு உங்கள் யாரிடமாவது பதில் இருக்கிறதா?

---

நெய்தல்

எங்கள் பெரியம்மா வீட்டில் பெரியப்பாதான் தம் அம்மாவிடம் சொன்னார், மருமகள் சொல்லவில்லை. அதுவும் "அப்படிக் கூப்பிடாதே" என்று சொல்லவில்லை. "இவன் வகுப்பில் எல்லோரும் கேலி செய்கிறார்களாம், பெயரைச் சொல்லியே கூப்பிடு அம்மா" என்று சொன்னார். பாட்டி பாதி நாள் மறந்துவிடுவார். எல்லா வீட்டிலும் மகன் இப்படிச் சொல்ல முன்வருவாரா என்பது எனக்குத் தெரியாது.

---

காவேரிக்கரை

நடந்ததை எழுதுகிறேன். இந்த இழையைக் கணவருக்குப் படிக்கக் கொடுத்தேன். முதலில், வீட்டு விஷயத்தைப் பொதுவில் எழுதியதற்குக் கோபித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, தாமே மகனிடம் போய், "விடைத்தாளை ஏன் மறைத்தாய் என்று கேட்டேன், நீ சொல்லவே இல்லையே" என்று கேட்டார். அவன் நீண்ட நேரம் கழித்து, "போன முறை நீங்கள் என் மதிப்பெண்ணை அத்தைக்குக் கைப்பேசியில் சொன்னீர்கள், அண்ணன் என்னைத் தண்டம் என்று கூப்பிட்டான்" என்றான். அத்தை மகனைத்தான் அவன் அண்ணன் என்கிறான். இது எங்கள் இருவருக்குமே தெரியாது.

கணவர், "பிறக்காமல் இருந்திருக்கலாம் என்று சொன்னது தவறு, அது உண்மையும் இல்லை" என்று சொன்னார். ஆனால் தண்டச்சோறு என்றதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அது எல்லா வீட்டிலும் சொல்வதுதான் என்கிறார். பெருக்கல் பிழைகளை உட்கார்ந்து பார்த்தார்கள். வாய்பாடு அவனுக்கு ஏழுக்கு மேல் சரியாகத் தெரியவில்லை. மகன் இப்போதும் தட்டை நகர்த்துகிறான், ஆனால் முன்போல் ஒவ்வொரு வேளையும் இல்லை. இதைப் பற்றி நான் கவலைப்பட வேண்டுமா?

---

வைகை

உங்கள் கணவர் எந்த வாக்கியம் தவறு என்று பெயர் சொல்லித் திரும்பப் பெற்றது மிகப் பெரிய விஷயம். "கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன்" என்று பொதுவாகச் சொன்னால் எதைத் திரும்பப் பெற்றார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. அதே காரணத்தால்தான் தண்டச்சோறு என்ற சொல் இன்னும் தட்டின் பக்கத்தில் இருக்கிறது. அது எல்லா வீட்டிலும் சொல்வது என்று அவர் கருதலாம், ஆனால் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை அதனால் சோற்றை மறுக்கிறான். அவர் அதைப் பற்றி விளக்கம் தர வேண்டியதில்லை. அவரே ஒரு கரண்டி சோறு போட்டு, "நீ சாப்பிடுவது எனக்குத் தண்டம் இல்லை, நான் சொன்னது தப்பு" என்று சொன்னால் போதும். மகளும் அருகில் இருக்கும்போது சொல்லட்டும், ஏனென்றால் அவளும் கேட்டிருக்கிறாள். அத்தையிடம் மதிப்பெண்ணைச் சொல்வதை நிறுத்துவது இதைவிட எளிது, அதை இன்றே செய்யலாம்.

கவலைப்பட வேண்டுமா என்று கேட்டீர்கள். உணவு மறுப்பது குறைந்துகொண்டு வந்தால் பொறுத்துப் பாருங்கள். எடை குறைந்தாலோ, இரவில் தூக்கம் கெட்டாலோ, இதுவரை பிடித்திருந்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்கினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்பதுபோல ஒரு முறை சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். அதைப் பெரியவர்களை மிரட்டச் சொல்கிறான் என்று ஒதுக்கவும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் கேட்கலாம். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே எந்த நேரமும் மனநல ஆலோசனை பெறலாம், கட்டணம் இல்லை. அந்த எண்ணில் உங்கள் கணவரும் தமக்காகப் பேசலாம். தம் அப்பா தம்மை இதைவிட மோசமாகத் திட்டினார் என்று அவர் சொன்னதாக முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். என்ன சொல்லித் திட்டினார் என்று அவரிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா?

---

காவேரிக்கரை

இல்லை அம்மா, நான் கேட்டதில்லை. கேட்டுப் பார்க்கிறேன். சொல்வாரா என்று தெரியவில்லை.